பெயர் மாறும், ஊர் மாறும்: கம்பெனிகளின் பொது அறிவிப்பை வாசிப்பது எப்படி?

பீரோவைச் சுத்தம் செய்யும்போது சுந்தரம்-கிளேட்டன் லிமிடெட் என்று அச்சிட்ட பழைய பங்குச் சான்றிதழ் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1990களில் தாத்தா வாங்கியது. அந்தப் பெயரை இணையத்தில் தேடினால் அதே சென்னையில், பங்குச் சந்தையில் பட்டியலான, உயிரோடிருக்கும் ஒரு கம்பெனி வந்து நிற்கும். சரி, வேலை முடிந்தது என்று அவர்களுக்கே கடிதம் எழுதினால் பாதி வழியில் நின்றுவிடுவோம். ஏனென்றால் தாத்தாவுக்குச் சான்றிதழ் கொடுத்த கம்பெனி அதுவல்ல.

கொடுத்த கம்பெனி 1962ல் பதிவானது. அதன் இன்றைய பெயர் டி.வி.எஸ். ஹோல்டிங்ஸ் லிமிடெட். சுந்தரம்-கிளேட்டன் என்ற பெயரில் இப்போது இருப்பது 2017ல் பதிவான இன்னொரு கம்பெனி. முதலில் அதற்கு சுந்தரம்-கிளேட்டன் டி.சி.டி. என்று பெயர். 2023ல் பழைய கம்பெனியின் வார்ப்படத் தொழில் பிரிக்கப்பட்டு இதன் கைக்கு வந்தது, கூடவே பெயரும் வந்தது. அதற்கும் முன்னால், 2008ல், பழைய கம்பெனியின் பிரேக் தொழில் வாப்கோ-டி.வி.எஸ். என்று தனியாகப் போனது. அது பிறகு வாப்கோ இந்தியா ஆகி, 2022ல் இசட்.எஃப். கமர்ஷியல் வெஹிகிள் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இந்தியா ஆகிவிட்டது. டி.வி.எஸ். ஹோல்டிங்ஸ் என்ற பெயரும் புத்தம் புதிதல்ல. 2023ல் முடிந்த அதே திட்டத்தில் பழைய கம்பெனியோடு இணைந்து மறைந்த ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்திருந்த பெயர் அது.

ஆக, தாத்தாவின் ஒரு காகிதத்தின் வாரிசுகள் இன்று மூன்று கம்பெனிகளில் இருக்கிறார்கள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. எல்லாம் முறைப்படி நடந்தது, அறிவிக்கவும் பட்டது. ஆனால் அந்த மாதிரி அறிவிப்புகள் வருகிற பக்கத்தை நம்மில் பெரும்பாலானோர் திருப்பிவிட்டு விளையாட்டுச் செய்திக்குப் போய்விடுகிறோம்.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிடுகிறேன். வரி விளம்பரப் பகுதியில் "இனிமேல் நான் இந்தப் பெயரிலேயே அழைக்கப்படுவேன்" என்று வருவது தனிமனிதர்களின் பெயர் மாற்றம். அதன் வழி அரசிதழ் வழி, அது வேறு கதை. இங்கே பேசுவது கம்பெனிகளின் அறிவிப்புகளை மட்டும். அவற்றிலும் பதிவு அலுவலகம் மாறுவது, கம்பெனி இணைவது, பெயர் மாறுவது ஆகிய மூன்றையும் சட்டம் ஒரே மாதிரி நடத்துவதில்லை. மூன்றுக்கும் பத்திரிகையில் அறிவிப்பு வந்தே தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

மூன்றில் மிகவும் விஷயமுள்ளது அலுவலக மாற்ற அறிவிப்புதான். கம்பெனி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பதிவு அலுவலகத்தை மாற்ற வேண்டுமானால், உறுப்பினர்கள் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் போட்டால் மட்டும் போதாது. கம்பெனிகள் சட்டம் 2013ன் 13ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும், அந்த அதிகாரம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநரிடம் இருக்கிறது. அவரிடம் மனு போடுவதற்கு முன், 30 நாளுக்குள் இருக்கும்படி, ஓர் ஆங்கில நாளிதழிலும் அந்த மாவட்டத்தின் மொழியில் வரும் ஒரு நாளிதழிலும் படிவம் INC-26ல் உள்ளபடி அறிவிப்பு வெளியிட வேண்டும். தமிழ்நாட்டில் இருக்கும் கம்பெனி என்றால் தமிழில் ஒன்று கட்டாயம் வரும். சென்னையில் இப்படிப்பட்ட அறிவிப்புகளை 'மக்கள் குர'லிலும் 'ட்ரினிட்டி மிர'ரிலும் அடிக்கடி பார்க்கலாம். கடையில் வாங்கிப் படிக்கிறவர்களைவிட, அறிவிப்புக்காகவே பார்க்கிறவர்கள் அதிகமோ என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு.

அறிவிப்பின் தமிழ் கரடுமுரடாகத்தான் இருக்கும். "மத்திய அரசு, மண்டல இயக்குநர் அவர்கள் முன்பாக" என்று நீதிமன்றப் பாணியில் தொடங்கும். அடுத்து சட்டப் பிரிவு, விதி 30, அப்புறம் கம்பெனியின் பெயரும் இப்போதைய பதிவு அலுவலக முகவரியும், கீழே "மனுதாரர்" என்ற சொல். அதற்குப் பிறகு ஒரே நீளமான வாக்கியம்: இன்ன தேதியில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிறைவேறிய சிறப்புத் தீர்மானத்தின்படி, பதிவு அலுவலகத்தை "தமிழ்நாடு மாநிலத்திலிருந்து மகாராஷ்டிர மாநிலத்திற்கு" மாற்ற அமைப்புச் சாசனத்தைத் திருத்த அனுமதி கோரப்படுகிறது என்று.

கவனியுங்கள், புதிய முகவரி அதில் இருக்காது. மாநிலத்தின் பெயர் மட்டும்தான். அறிவிப்பைப் படித்துவிட்டு "மும்பையில் எங்கே?" என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. இன்னொன்று, அந்த அறிவிப்பு எதுவும் நடந்துவிட்டதாகச் சொல்லவில்லை. நடக்கப்போவதற்கு அனுமதி கேட்கிறது, அவ்வளவுதான். அறிவிப்பு வந்த பிறகு மனு நிராகரிக்கப்படலாம், அல்லது கம்பெனியே மனதை மாற்றிக்கொள்ளலாம். கம்பெனி மீது இந்தச் சட்டத்தின்கீழ் விசாரணையோ ஆய்வோ தொடங்கியிருந்தால், அது முடியாத வரை இடமாற்றத்துக்கு அனுமதி கிடையாது. ஆகவே அறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு முகவரிப் புத்தகத்தைத் திருத்துவது அவசரம்.

கடைசிப் பத்தியில்தான் உயிர் இருக்கிறது. இந்த மாற்றத்தால் யாருடைய நலன் பாதிக்கப்படுமோ அவர்கள், அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து 14 நாளுக்குள், தங்களுக்கு என்ன தொடர்பு, எதற்காக எதிர்ப்பு என்பதைப் பிரமாணப் பத்திரத்தோடு மண்டல இயக்குநருக்குத் தெரிவிக்கலாம். ஒரு நகல் கம்பெனியின் இப்போதைய பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பலாம், mca.gov.in தளத்தில் முதலீட்டாளர் புகார் படிவம் வழியாகவும் போடலாம். 14 நாள் என்பது நாம் படித்த நாளிலிருந்து அல்ல, பேப்பரில் வந்த நாளிலிருந்து. பேப்பர் அடுத்த வாரம் கைக்கு வந்தால் பாதி அவகாசம் போய்விட்டது என்று அர்த்தம்.

இதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். அம்பத்தூரில் அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிற ஒருவருக்கு ஒரு கம்பெனி 4,60,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. மே 12 அன்று அந்தக் கம்பெனி சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றுகிறது. ஜூன் 3 அன்று அறிவிப்பு வருகிறது. ஆட்சேபனைக்குக் கடைசி நாள் ஜூன் 17. அறிவிப்பு மனுவுக்கு 30 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பதால், கம்பெனி ஜூலை தொடக்கத்துக்குள் மனு போட்டாக வேண்டும்.

பெட்டிக்காரர் முதலில் செய்ய வேண்டியது ஆட்சேபனை எழுதுவது அல்ல. மனுவோடு கம்பெனி, தான் பணம் தர வேண்டிய கடன்காரர்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கும், மனு தேதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் பழைய கணக்காக அது இருக்கக்கூடாது. பட்டியலின் நகல் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். அலுவலக நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், பக்கத்துக்கு 10 ரூபாய்க்கு மிகாத கட்டணம் கொடுத்துக் குறிப்பும் எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கடன்காரருக்கும் கம்பெனி தனியாகவும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஆகவே பெட்டிக்காரருக்குத் தனி நோட்டீஸ் வரவில்லை, பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் என்றால், பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது. அல்லது அவருடைய முகவரியைக் கம்பெனி தப்பாக வைத்திருக்கலாம். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். பெயர் இருந்து, தொகை 4,60,000க்குப் பதில் 1,10,000 என்று இருந்தால் அதுவும் ஒரு செய்திதான்.

பெயர் இல்லை அல்லது தொகை குறைவு என்றால் இப்போது ஆட்சேபனைக்கு வலுவான காரணம் கிடைத்துவிட்டது. ஏனென்றால் ஒப்புதல் கொடுக்கும் முன், கடன்காரர்களின் சம்மதம் இருக்கிறதா, அல்லது கடனை அடைக்கப் போதிய ஏற்பாடோ பிணையோ செய்யப்பட்டிருக்கிறதா என்று மண்டல இயக்குநர் பார்க்கலாம் என்கிறது சட்டம். ஆட்சேபனை எதுவும் வராவிட்டால் விசாரணை இல்லாமலே 15 நாளில் உத்தரவு போட்டுவிடலாம். ஆட்சேபனை வந்தால் விசாரணை வைக்க வேண்டும், மொத்தமாக 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். நடைமுறையில் இதன் பலன் என்னவென்றால், இடமாற்றத்தை விரைவாக முடிக்க நினைக்கிற கம்பெனி சின்னப் பாக்கிகளைக் கொடுத்து முடித்துக்கொள்ளவே விரும்பும்.

ஆனால் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் கூடாது. மண்டல இயக்குநர் கடன் வசூலிக்கும் நீதிமன்றம் அல்ல. "சரக்கு மோசம், அதனால் பணம் தர மாட்டோம்" என்று கம்பெனி தகராறு செய்தால் அந்தத் தகராறை அவர் தீர்த்து வைக்கப் போவதில்லை. அதே போல, அலுவலகம் மும்பைக்குப் போனால் எல்லா வழக்கையும் மும்பையில்தான் போட வேண்டும் என்ற பயமும் சரியல்ல. சரக்கு கொடுத்ததும் பணம் வர வேண்டியதும் இங்கே என்றால் சிவில் வழக்கை இங்கேயே போடலாம். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர் பாக்கித் தகராறுகளைப் பார்க்கும், தன் பகுதிக்கான வசதியாக்கக் குழுவிடமே போகலாம். உண்மையில் இடம் மாறுவது தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் வருகிற விஷயங்கள். நாளைக்கு அந்தக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனால், அது சென்னை அமர்வில் அல்ல, மும்பை அமர்வில் நடக்கும். சிறுபான்மைப் பங்குதாரர் புகார் கொடுப்பதும் அங்கேதான்.

மாநிலத்துக்குள்ளேயே மாறினால்? தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர் என இரண்டு கம்பெனிப் பதிவாளர் அலுவலகங்கள் இருக்கின்றன. சேலம், ஈரோடு, திருப்பூர் மாதிரியான மேற்கு மாவட்டங்கள் கோவையின் கீழ் வரும். ஒன்றின் எல்லையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பேப்பர் அறிவிப்பு உண்டு, ஆட்சேபனைக்கு 21 நாள். அதே சென்னைக்குள் தி.நகரிலிருந்து கிண்டிக்கு மாறினால் பேப்பரில் எதுவும் வர வேண்டியதில்லை, 30 நாளுக்குள் INC-22 படிவத்தைப் பதிவாளரிடம் போட்டால் போதும். அனுப்பிய தபால் "விலாசதாரர் இல்லை" என்று திரும்பி வருவதற்கு வெளியூர் மாற்றத்தைவிட இந்த உள்ளூர் மாற்றமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் அனுமானம்.

இணைப்பு அறிவிப்புகள் பக்கத்தில் பெரிய இடம் பிடிக்கும், ஆனால் சாதாரண வாசகருக்கு அவற்றில் செய்ய இருப்பது குறைவு. தீர்ப்பாயத்தின் வழியில் நடக்கும் இணைப்புக்கு இரண்டு தடவை அறிவிப்பு வரும். முதலாவது, பங்குதாரர்கள் அல்லது கடன்காரர்கள் கூட்டத்துக்கானது, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால். இரண்டாவது, தீர்ப்பாயம் மனுவை விசாரிக்கும் தேதியைச் சொல்வது, அந்தத் தேதிக்குக் குறைந்தது 10 நாள் முன்னால். முதல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு "கூட்டத்தில் எதிர்ப்பேன்" என்று கிளம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாக்களிப்பது எல்லாருக்கும் உரிமை. ஆனால் திட்டத்துக்கு முறையாக ஆட்சேபனை எழுப்ப, பங்குகளில் 10 சதவீதமோ மொத்தக் கடனில் 5 சதவீதமோ கையில் இருக்க வேண்டும். நம் அட்டைப்பெட்டிக்காரர் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார்.

அப்படியிருந்தும் அந்த அறிவிப்பைக் கத்தரித்து வைக்கச் சொல்வேன். இணைப்புத் திட்டத்தின் நகலைப் பதிவு அலுவலகத்தில் இலவசமாகப் பெறலாம் என்ற வரி அதில் இருக்கும். அந்த நகலில்தான் எந்தத் தேதியிலிருந்து கணக்கு ஒன்றாகிறது, பாக்கிகளை யார் ஏற்கிறார்கள், எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் இருக்கும். எச்.டி.எஃப்.சி. லிமிடெட் எச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்தபோது, பழைய கம்பெனியின் 25 பங்குக்கு வங்கியின் 42 பங்கு என்பது விகிதம். இணைப்பு நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலை 1. யாருக்குப் பங்கு என்று கணக்கெடுத்த நாள் ஜூலை 13. இந்த இரண்டு தேதிகளையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புவது வழக்கமாக நடப்பது. இன்னொரு பக்கம், தாய்க் கம்பெனி தன் முழுச் சொந்தத் துணைக் கம்பெனியை உள்ளே இழுத்துக்கொள்வது மாதிரியான சின்ன இணைப்புகளுக்கு 233ஆம் பிரிவில் குறுக்கு வழி ஒன்று உண்டு. தீர்ப்பாயத்துக்குப் போகாமல் மண்டல இயக்குநர் மட்டத்திலேயே முடிந்துவிடும் அந்த வகை இணைப்பு பேப்பரில் வராமலே போகலாம்.

இனி பெயர் மாற்றம். ஒரு கம்பெனி பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால், அதைப் பேப்பரில் அறிவிக்க வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தில் பொதுவான கட்டாயம் இல்லை. சிறப்புத் தீர்மானம், ஒப்புதல், புதிய பதிவுச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து புதிய பெயர். அவ்வளவுதான். அப்படியானால் பேப்பரில் எங்கே பார்ப்பது? வேறு அறிவிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். பெயர் மாறிய கம்பெனி 2 ஆண்டுகளுக்குத் தன் பெயர்ப்பலகையிலும் கடிதத் தலைப்பிலும் பில்லிலும் அறிவிப்பிலும் பழைய பெயரையும் சேர்த்துப் போட வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. ஆகவே காலாண்டு நிதிநிலை முடிவு, ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு, தொலைந்த பங்குச் சான்றிதழ் பற்றிய அறிவிப்பு ஆகியவற்றின் தலைப்பில், பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் "முன்பு இன்ன பெயரில் அழைக்கப்பட்டது" என்ற வரி வரும். நான் அந்தப் பக்கத்தில் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

அதற்குப் பக்கத்திலேயே சி.ஐ.என். என்று, எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 21 கொண்ட கம்பெனி அடையாள எண் இருக்கும். சுந்தரம்-கிளேட்டன் என்ற பெயரில் இருந்தபோது பழைய கம்பெனியின் எண் L35999TN1962PLC004792. முதல் எழுத்து, பட்டியலிட்ட கம்பெனியா இல்லையா என்பது. அடுத்த 5 இலக்கம் தொழில் வகை. பிறகு மாநிலம், பதிவான ஆண்டு, கம்பெனியின் வகை, கடைசி 6 இலக்கம் பதிவு எண். பெயர் மாறுவதால் மட்டும் இந்த எண் மாறாது. தொழில் வகை மாறினால் அந்த 5 இலக்கம் மட்டும் மாறலாம். டி.வி.எஸ். ஹோல்டிங்ஸ் ஆன பிறகும் 1962ம் 004792ம் அப்படியே இருக்கின்றன. இன்றைய சுந்தரம்-கிளேட்டனின் எண்ணிலோ 2017 இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தாத்தாவின் சான்றிதழ் யாருடையது என்பது ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் `Master Data` பகுதியில் எண்ணைப் போட்டால் இன்றைய பெயர், முகவரி, நிலை எல்லாம் வரும். வேறொன்றோடு இணைந்து மறைந்த கம்பெனி என்றால் நிலையில் `Amalgamated` என்று இருக்கும்.

ஆனால் ஓரிடத்தில் இந்த எண்ணும் கைவிடும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் கம்பெனிக்கு எண்ணில் TN போய் MH வரும், பெரும்பாலும் கடைசி 6 இலக்கமும் புதிதாகும். ஆண்டு மட்டும் மிஞ்சும். பெயர் மட்டும் மாறினால் எண்ணை வைத்துப் பிடிக்கலாம், இடம் மட்டும் மாறினால் பெயரை வைத்துப் பிடிக்கலாம். ஒரே ஆண்டுக்குள் இரண்டும் மாறினால்தான் தடம் அறுந்துபோகும். அப்போது பழைய பெயரையும் பழைய முகவரியையும் போகிற மாநிலத்தையும் ஒரே இடத்தில் சொல்லும் காகிதம் அந்த INC-26 அறிவிப்புதான். அதனால் பாக்கி உள்ள ஒவ்வொரு கம்பெனிக்கும் பேரேட்டில் பெயருக்குக் கீழே சி.ஐ.என்.ஐ எழுதி வைக்கிற பழக்கம் நல்லது. அலுவலக மாற்ற அறிவிப்பு வந்தால் பத்திரிகையின் பெயரும் தேதியும் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

பழைய பெயரைப் போட வேண்டிய கட்டாயம் 2 ஆண்டுக்குத்தான் என்றேன். 2023ல் பெயர் மாறிய டி.வி.எஸ். ஹோல்டிங்ஸுக்கு அந்தக் கெடு 2025லேயே முடிந்துவிட்டது. இனி அதன் கடிதத் தலைப்பில் சுந்தரம்-கிளேட்டன் என்ற சொல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தச் சான்றிதழ் இன்னும் பீரோவில் இருந்தால், அதை வைத்திருக்கும் உறையின் மேல் 1962, 004792 என்று எழுதி வையுங்கள்.